முதல் சோறு: ஆறு மாதக் குழந்தைக்கு எதை, எந்த வரிசையில், எவ்வளவு கெட்டியாக

வட சென்னையில் குழந்தைக்கு ஐந்து மாதம் ஆனாலே வீட்டில் பேச்சு ஆரம்பித்துவிடும். "இன்னாம்மா, புள்ள நம்ம வாயயே பாத்துனு கீது, நீ இன்னும் பாலையே குட்த்துனு கீற" என்று எதிர்வீட்டு ஆயா ஒருநாள் கேட்பார். மாமியார் வடித்த கஞ்சியைக் கொஞ்சம் எடுத்துவைப்பார், இன்னொருவர் பருப்புத் தண்ணீர் என்பார், டீக்கடையிலிருந்து வந்த பொறையை டீயில் நனைத்துக் குழந்தை வாயில் தேய்க்கவும் ஒரு கை வரும். எல்லாரும் பாசத்தில்தான் செய்கிறார்கள், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் இந்த மூன்றுமே முதல் உணவுக்கு உதவாதவை, ஏன் என்று தெரிந்துகொண்டால் வீட்டில் சண்டை போடாமலே சொல்லிப் புரியவைக்கலாம்.

தலைப்பிள்ளை, வயது ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவில், எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை என்பவர்களுக்காக எழுதுகிறேன். பழம் முதலா காய் முதலா, ஆப்பிளா கேரட்டா என்றுதான் எல்லாரும் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். அந்த வரிசையால் பெரிதாக எதுவும் ஆகப்போவதில்லை. உண்மையில் கவனிக்க வேண்டியவை இரண்டுதான்: கொடுப்பதில் இரும்புச்சத்து இருக்கிறதா, கொடுப்பது போதுமான கெட்டியாக இருக்கிறதா.

தொடங்கலாமா, இன்னும் இருக்கட்டுமா

கணக்கு ஆறு மாதம், அதாவது 180 நாள். அதுவரை தாய்ப்பால் மட்டும் போதும், தண்ணீர்கூட வேண்டாம், சித்திரை வெயிலிலும் வேண்டாம். ஆறு மாதம் முடிந்ததும் குழந்தையைப் பார்த்து மூன்று விஷயங்களை உறுதி செய்துகொள்ளுங்கள்.

மடியில் உட்காரவைத்து இடுப்பைப் பிடித்துக்கொண்டால் தலை ஆடாமல் நேராக நிற்க வேண்டும். தனியாக உட்கார வேண்டிய அவசியமில்லை, ஆனால் கழுத்து தொங்கக்கூடாது, ஏனென்றால் தலை சாய்ந்தபடி இருக்கும் குழந்தையால் பாதுகாப்பாக விழுங்க முடியாது. அடுத்தது, கரண்டியை அருகில் கொண்டுபோனால் வாயைத் திறப்பது, முன்னால் சாய்வது. மூன்றாவதைத்தான் பலர் கவனிப்பதில்லை, அதுதான் நாக்கு. சின்னக் குழந்தைகளுக்கு வாயில் எது பட்டாலும் நாக்கு தானாக வெளியே தள்ளும், மூச்சுக்குழாயில் எதுவும் போய்விடாமல் இருக்க உடம்பு வைத்திருக்கும் ஏற்பாடு அது. நாலு மாதத்துக்குப் பிறகு மெல்ல மெல்லக் குறையும். தாய்ப்பாலில் குழைத்த சாதத்தைக் கரண்டி நுனியில் கொஞ்சம் எடுத்துக் கீழுதட்டில் வையுங்கள். முழுக்க மோவாயில் வழிந்துவிட்டால் நாக்கு இன்னும் தயாராகவில்லை, நாலைந்து நாள் கழித்துப் பாருங்கள். பாதி வழிந்து பாதி உள்ளே போய்த் தொண்டை அசைந்தால் தொடங்கிவிடலாம்.

கையைச் சப்புவது, ராத்திரி அடிக்கடி எழுவது, நாம் சாப்பிடும்போது வாயைப் பார்ப்பது, இதெல்லாம் அறிகுறி இல்லை. நாலு மாதக் குழந்தையும் கை சப்பும். நாம் செல்போனை எடுத்தால் அதையும்தான் வைத்தகண் வாங்காமல் பார்க்கும், அதற்காக ஊட்டிவிடுவோமா?

அதே நேரம், ஏழு எட்டு மாதம் வரை தள்ளிப்போடுவதும் கூடாது. ஆறரை மாதம் தாண்டியும் தலை நிற்கவில்லை என்றால் உணவை மறந்துவிட்டு முதலில் டாக்டரிடம் காட்டுங்கள். குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு இந்தக் கணக்கு மாறும், பிறந்த தேதியை மட்டும் வைத்து நீங்களே முடிவு செய்யாதீர்கள், உங்கள் டாக்டர் சொல்லும் வாரம்தான் சரி.

ஏன் இரும்பு

வயிற்றில் இருக்கும்போதே தாயிடமிருந்து குழந்தை ஒரு சேமிப்பை வாங்கிக்கொண்டுதான் பிறக்கிறது, அந்த இரும்புச்சத்து ஏறக்குறைய ஆறு மாதம் தாக்குப்பிடிக்கும். தாய்ப்பாலில் இருக்கும் இரும்பு நன்றாக உடம்பில் சேரும், ஆனால் அளவு மிகக் குறைவு, ஒரு லிட்டரில் அரை மில்லிகிராம்கூட வராது. சேமிப்பு தீரும் நேரமும் மூளையும் ரத்தமும் வேகமாக வளரும் நேரமும் ஒன்றாக வந்து சேர்வதால்தான் ஆறு மாதம் என்ற கெடு. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் ஆறு மாதத்திலிருந்து ஐந்து வயதுக்குள் உள்ள குழந்தைகளில் பாதிப் பேருக்கு மேல் ரத்தசோகை இருந்தது. கர்ப்பத்தில் அம்மாவுக்கு ரத்தம் குறைவாக இருந்திருந்தால், அல்லது பிறந்த எடை இரண்டரை கிலோவுக்குக் கீழே இருந்தால், குழந்தையின் சேமிப்பு இன்னும் முன்பே தீர்ந்துவிடும்.

டீ ஏன் வேண்டாம் என்பது இப்போது புரிந்திருக்கும். டீயில் உள்ள துவர்ப்பு உணவிலிருந்து இரும்பைச் சேரவிடாது. பொறையில் மைதாவும் சர்க்கரையும் தவிர என்ன இருக்கிறது? வயிறு மட்டும் நிறையும்.

கெட்டி என்றால் எவ்வளவு கெட்டி

ஏழு கிலோ குழந்தையின் வயிறு ஒருவேளைக்கு 200 மில்லி சொச்சம்தான் கொள்ளும். அதில் வடிகஞ்சியோ பருப்புத் தண்ணீரோ ஊற்றினால் பெரும்பகுதி வெறும் தண்ணீர், பருப்பு சட்டியிலேயே தங்கிவிடும். குழந்தை வயிறு நிறைந்து தூங்கும், அதனால் பெரியவர்களுக்குத் திருப்தி. ஆனால் தாய்ப்பால் குடிப்பது குறையும், எடை ஏறாது. ஆறிலிருந்து எட்டு மாதம் வரை தாய்ப்பாலுக்கு மேல் ஒரு நாளைக்குச் சுமார் 200 கலோரி உணவிலிருந்து வர வேண்டும், தண்ணீராகக் கொடுத்தால் அது நடக்காது.

செய்முறை இப்படி. இரண்டு டேபிள்ஸ்பூன் பச்சரிசி, ஒரு டேபிள்ஸ்பூன் பாசிப்பருப்பு. துவரம்பருப்பும் ஆகும், ரேஷன் பருப்பே போதும், நன்றாகக் கழுவி அரைமணி நேரம் ஊறவைத்தால் சரி. ஒரு சிட்டிகை மஞ்சள்தூள், ஒன்றரை டம்ளர் தண்ணீர், உப்பு வேண்டாம். குக்கரில் ஐந்தாறு விசில். மூடி திறந்ததும் சூட்டோடு மத்தால் அல்லது குழிக்கரண்டியின் முதுகால் மசியுங்கள். மிக்சியில் ஓட்டிப் பசையாக்க வேண்டாம், கையால் மசித்தால் கொஞ்சம் கரடாக இருக்கும், அந்தக் கரடு தேவை. முதல் சில நாள் மட்டும் கண் சிறிய வடிகட்டியில் தேய்த்துக்கொள்ளலாம். அரை டீஸ்பூன் நெய் அல்லது செக்கு நல்லெண்ணெய். கடைசியாகப் பதம் பாருங்கள்: கரண்டியில் எடுத்துக் கொஞ்சம் சாய்த்தால் ஒட்டிக்கொண்டு நிற்க வேண்டும், இன்னும் சாய்த்தால் சொத்தென்று விழ வேண்டும். தாரையாக ஒழுகினால் தண்ணீர் அதிகம். கெட்டியாகிவிட்டால் தண்ணீருக்குப் பதிலாகத் தாய்ப்பாலைப் பீய்ச்சி ஊற்றித் தளர்த்துங்கள், பழக்கமான வாசனை என்பதால் குழந்தையும் சீக்கிரம் ஏற்றுக்கொள்ளும்.

கேழ்வரகுக் கூழில் வேறொரு சிக்கல். கெட்டியாகக் காய்ச்சினால் தொண்டையில் ஒட்டும், இளக்கினால் வெறும் தண்ணீர். இதற்கு நம் வீட்டிலேயே வழி இருக்கிறது, முளைகட்டிய கேழ்வரகு மாவு. முளைவிடும்போது தானியத்தில் மாவுச்சத்தை உடைக்கும் நொதி உண்டாகிறது, அதனால் அதே அளவு மாவு போட்டாலும் கூழ் அவ்வளவு இறுகாது, அதிக மாவு உள்ளே போகும். கூடவே இரும்பைப் பிடித்துவைத்துக்கொள்ளும் பைட்டேட் என்ற பொருளும் குறைகிறது. கேழ்வரகை ஒரு இரவு ஊறவைத்து, ஈரத்துணியில் கட்டி ஒருநாள் முளைகட்டி, நிழலில் உலர்த்தி, லேசாக வறுத்து மில்லில் அரைத்து வைத்துக்கொள்ளுங்கள். மழைக்காலத்தில் உலராமல் பூஞ்சை பிடித்தால் தயங்காமல் கொட்டிவிடுங்கள்.

ஊட்டும் விதம்

காலை நீட்டி உட்கார்ந்து, குழந்தையைக் காலில் மல்லாக்கப் போட்டு, சங்கில் ஊற்றுவது நம் ஆயாக்களுக்குக் கைவந்த கலை. அழுதால் வாய் திறக்கும், திறந்தால் ஊற்றிவிடலாம், மூக்கைப் பிடித்தால் விழுங்கியே தீரும். இந்த ஒன்றை மட்டும் வீட்டில் கண்டிப்பாக நிறுத்துங்கள். படுத்தபடி அழுகிற குழந்தையின் மூச்சுக்குழாய் திறந்திருக்கும், கூழ் நுரையீரலுக்குப் போய் நிமோனியா வரை இழுத்துவிடும். ஆயாவிடம் "தப்பு" என்று சொன்னால் மனம் நோகும். "ஆயா, நீங்களே ஊட்டுங்க, ஆனா உக்கார வெச்சு இந்தக் கரண்டில ஊட்டுங்க" என்று கரண்டியைக் கையில் கொடுத்துவிட்டால் பெரும்பாலும் வேலை முடிந்தது.

மடியில் நிமிர்த்தி உட்காரவைத்து, சின்னக் கரண்டியில் பாதி மட்டும் எடுத்து, கீழுதட்டருகே கொண்டுபோய் நிறுத்துங்கள். அது வாயைத் திறக்கட்டும். மேல் அண்ணத்தில் வழித்துவிடாதீர்கள், மேலுதட்டால் அதுவே இழுத்துக்கொள்ளப் பழக வேண்டும். முகத்தைத் திருப்பினால், வாயை இறுக்கினால் அன்றைக்கு அவ்வளவுதான். டிவி, செல்போன் காட்டி ஊட்டும் பழக்கத்தை முதல் வாரத்திலேயே ஆரம்பித்துவிட்டால் பிறகு இரண்டு வயதில் அதை விடவைப்பது பெரும்பாடு.

நேரம் காலை பத்து, பதினொன்று வாக்கில் நல்லது. பால் குடித்து ஒரு மணி நேரம் ஆகியிருக்க வேண்டும், தூக்கக் கலக்கமும் இருக்கக்கூடாது, கடும் பசியும் கூடாது. புதுசாக எதைக் கொடுத்தாலும் பகலில்தான், ஏதாவது ஆனால் ஆஸ்பத்திரிக்குப் போக ஆளும் நேரமும் இருக்கும்.

முதல் நாலு வாரம், ஒரு வீட்டில்

தண்டையார்பேட்டையில் இருக்கும் என் தங்கை மகன் ஆறு மாதத்தில் 7.2 கிலோ இருந்தான், தாய்ப்பால் மட்டும் குடித்தவன். வீட்டில் கறி, மீன், முட்டை எல்லாம் உண்டு. அவள் எப்படிக் கொண்டுபோனாள் என்று சொல்கிறேன், உங்கள் வீட்டுக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

சோறு ஊட்டும் சடங்கைத் திருவொற்றியூர் வடிவுடையம்மன் கோயிலில் வைத்துக்கொண்டார்கள், சர்க்கரைப் பொங்கலை நாக்கில் தொட்டுவைத்ததோடு சரி. உண்மையான முதல் சாப்பாடு மறுநாள் காலை, மேலே சொன்ன பருப்புச் சாதம், இரண்டு டீஸ்பூன். அதில் ஒன்றரை டீஸ்பூன் சட்டையில். இரண்டாவது நாளும் அதே. வாரக் கடைசியில் இரண்டு மூன்று டேபிள்ஸ்பூன் வரை வந்தது, அப்போதே மாலையில் இன்னொரு வேளையும் சேர்த்துக்கொண்டாள். முதல் வாரத்தில் புதிதாக வேறு எதையும் தேடவில்லை, அதே சாதத்தில் ஒருநாள் மஞ்சள் பூசணி, ஒருநாள் கேரட் வேகவைத்து மசித்தாள். காய்களுக்கு மூன்று நாள், நாலு நாள் என்று காத்திருக்க வேண்டியதில்லை, அந்தக் காத்திருப்பு ஒவ்வாமை வரக்கூடிய உணவுகளுக்கு மட்டும் போதும்.

இரண்டாவது வாரத்தில் ஈரல். கோழி ஈரலை மஞ்சள் போட்டு உள்ளே ரத்தச் சிவப்பு கொஞ்சமும் இல்லாமல் வேகவைத்து, கரண்டியால் நசுக்கினால் பஞ்சு மாதிரி ஆகிவிடும், அதை ஒரு டீஸ்பூன் பருப்புச் சாதத்தில் கலந்தாள். இறைச்சியில் உள்ள இரும்பு, பருப்பிலும் கீரையிலும் உள்ளதைவிடப் பல மடங்கு எளிதாகச் சேரும், கூட இருக்கும் பருப்பின் இரும்பையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். ஆனால் ஈரலில் வைட்டமின் ஏ மிக அதிகம், வாரத்துக்கு ஒருமுறை, அதுவும் டீஸ்பூன் கணக்கில்தான். இன்னொரு நாளைக்கு ஆட்டுச் சுவரொட்டி. நம்ம பக்கம் பிள்ளை பெற்றவளுக்கும் வெளுத்துப்போன குழந்தைக்கும் சுவரொட்டி வாங்கிக் கொடுப்பது பழக்கம், இந்த விஷயத்தில் பெரியவர்கள் நூற்றுக்கு நூறு சரி, இரும்பில் ஈரலையே மிஞ்சும். முழுசாக வேகவைத்து, மேல்தோலை நீக்கி, உள்ளிருப்பதைக் கரண்டியால் சுரண்டினால் மாவாக வரும். மிளகும் உப்பும் போட்டு வதக்குவது நமக்கு, குழந்தைக்கு வெறுமனே.

ஈரலைப் பார்த்ததும் மாமியார் "ஆறு மாசத்துல கறியா? செரிக்குமா?" என்று கேட்டார். செரிக்கும். முதல் வாரத்திலேயே கொடுத்திருந்தாலும் செரித்திருக்கும், வீட்டார் மனம் பழகட்டும் என்றுதான் ஒரு வாரம் தள்ளிவைத்தாள்.

மூன்றாவது வாரம் முட்டை. மஞ்சள் கரு மட்டும், வெள்ளைக்கரு ஒரு வயசுக்கு மேல் என்ற பழைய அறிவுரையை இன்னும் சொல்கிறார்கள். ஒவ்வாமை உண்டாக்குவது பெரும்பாலும் வெள்ளைக்கருதான் என்பது உண்மை, ஆனால் தள்ளிப்போடுவதால் ஒவ்வாமை குறைவதில்லை, ஆறு மாதம் வாக்கில் பழக்கிவிட்டால்தான் குறைகிறது என்று இப்போது தெரிந்திருக்கிறது. பத்துப் பன்னிரண்டு நிமிடம் கெட்டியாக வேகவைத்த முட்டையில் இரண்டையும் சேர்த்து மசித்துக் கால் டீஸ்பூன், அதுவும் காலையில். அன்றும் அடுத்த இரண்டு நாளும் வேறு புதுசு எதுவும் இல்லை. ஒன்றும் ஆகவில்லை என்றதும் அரை டீஸ்பூன், ஒரு டீஸ்பூன் என்று ஏற்றி, வாரத்தில் இரண்டு மூன்று நாள் வழக்கமாக்கிக்கொண்டாள். ஒருமுறை கொடுத்துவிட்டு இரண்டு மாதம் மறந்துவிட்டால் பழகியதாகக் கணக்கில்லை.

வேர்க்கடலையும் அதே முறை: வறுத்துத் தோல் நீக்கி நைசாகப் பொடித்து அரை டீஸ்பூன் கூழில் கலந்து. முழுக் கடலையாக ஐந்து வயது வரை கையில் கொடுக்கக்கூடாது, அது அடைத்துக்கொள்ளும் ஆபத்து, ஒவ்வாமை வேறு. குழந்தைக்கு உடம்பெல்லாம் கரப்பான் மோசமாக இருந்தால் முட்டையும் கடலையும் வீட்டில் தொடங்க வேண்டாம், முதலில் டாக்டரைக் கேளுங்கள்.

ஒவ்வாமை என்றால் எப்படி இருக்கும்? சாப்பிட்ட சில நிமிடத்திலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் உடம்பில் தடிப்புத் தடிப்பாக எழும்பும், உதடோ கண்ணோ வீங்கும், திரும்பத் திரும்ப வாந்தி வரும். மூச்சு இழுத்தால், குழந்தை துவண்டுவிட்டால் உடனே 108. தக்காளியோ எலுமிச்சையோ பட்ட இடத்தில், வாயைச் சுற்றி மட்டும் லேசாகச் சிவப்பது வேறு, துடைத்துவிட்டால் சீக்கிரம் மறைந்துவிடும், அதற்காக உணவை நிறுத்த வேண்டாம்.

நாலாவது வாரம் மீன். காசிமேடு பக்கத்திலேயே இருப்பதால் நமக்குப் புத்தம் புதுசாகக் கிடைக்கிறது. குழந்தைக்கு என்று கேட்டால் மீன்காரம்மாவே கிழங்கானைத்தான் எடுத்துக்கொடுப்பார், சதை மெத்தென்று இருக்கும். சங்கராவும் ஆகும். வஞ்சிரம் விலையில் ராஜாவாக இருக்கலாம், குழந்தைக்கு அது வேண்டாம், சுறாவும் தளபத்தும் வேண்டாம். பெரிய மீன்கள் சின்ன மீன்களைத் தின்று வளர்வதால் பாதரசம் அவற்றின் உடம்பில் சேர்ந்துகொண்டே போகும், கழுவினாலும் வேகவைத்தாலும் போகாது. எண்ணூர்க் கழிமுகத்தில் பிடித்தவற்றையும் நான் கைக்குழந்தைக்கு வாங்க மாட்டேன், அனல்மின் நிலையச் சாம்பலும் 2023 டிசம்பரில் கொட்டிய எண்ணெயும் கலந்த தண்ணீர் அது. மீனை மஞ்சள் தண்ணீரில் வேகவைத்து, எவர்சில்வர் தட்டில் உதிர்த்துப் பரப்பி, விரல் நுனியால் இரண்டு தடவை தடவிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத முள் விரலுக்குத் தட்டுப்படும், அதிலும் கிழங்கானின் நடுமுள்ளையொட்டி இருக்கும் நுனி முட்கள்.

மாதக் கடைசியில் அவன் ஒரு நாளைக்கு இரண்டு வேளை, சில நாள் மூன்று வேளை, ஒவ்வொன்றும் கால் கப்பிலிருந்து அரைக் கப் வரை சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அரைக் கப் என்பது 125 மில்லி. எட்டு மாதம் முடிவதற்குள் அந்த அளவை வழக்கமாக எட்டினால் போதும். பால் முன்பு போலவே கேட்ட நேரமெல்லாம்.

சைவ வீடு என்றால் முட்டை, ஈரல், மீன் இருக்கும் இடத்தில் பருப்பு, முளைகட்டிய பயறு, கேழ்வரகு, முருங்கைக்கீரை, அரைக்கீரை. இவற்றின் இரும்பு மெதுவாகத்தான் சேரும், அதனால் ஒவ்வொரு வேளையும் ஒரு புளிப்பு கூடவே போக வேண்டும்: சாதத்தில் எலுமிச்சைச் சாறு நாலு சொட்டு, வேகவைத்த தக்காளி, பின்னால் மசித்த கொய்யா. வைட்டமின் சி அந்த இரும்பைச் சேரவைக்கும்.

சொட்டு மருந்தும் அங்கன்வாடி மாவும்

உணவு எவ்வளவு நன்றாக இருந்தாலும் ஆறு மாதத்திலிருந்து ஐந்து வயது வரை அரசு கொடுக்கும் இரும்புச்சத்து சிரப் ஒன்று உண்டு, வாரத்துக்கு இரண்டு நாள், ஒவ்வொரு முறையும் ஒரு மில்லி. அதில் 20 மில்லிகிராம் இரும்பும் 100 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் இருக்கும். உங்கள் ஏரியா நகர்ப்புற சுகாதாரச் செவிலியரான யு.எச்.என். சிஸ்டரிடமோ நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்திலோ தாய் சேய் நல அட்டையைக் காட்டிக் கேளுங்கள். தனியார் டாக்டர் ஏற்கெனவே இரும்பு டிராப்ஸ் எழுதிக் கொடுத்திருந்தால் இரண்டையும் சேர்த்துக் கொடுக்காதீர்கள், அவரிடம் சொல்லிவிடுங்கள். சாப்பாட்டுக்குப் பிறகு கொடுங்கள், பாலோடு கலக்க வேண்டாம். மலம் கறுப்பாகப் போகும், பயப்பட ஒன்றுமில்லை. காய்ச்சல், வயிற்றுப்போக்கு இருக்கும் நாட்களில் நிறுத்திவைக்கலாம். பாட்டிலை மட்டும் மூத்த பிள்ளைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள், இனிப்பாக இருக்கிறது என்று மொத்தமாகக் குடித்துவிட்டால் உயிருக்கே ஆபத்து.

அங்கன்வாடியில் கிடைக்கும் சத்துமாவு நல்ல மாவுதான், அதை மாட்டுக்கு வைக்காமல் குழந்தைக்கே கொடுங்கள். வெல்லம் ஏற்கெனவே கலந்திருப்பதால் மேலே இனிப்பு சேர்க்காதீர்கள். அதை ஒருவேளைக்கு வைத்துக்கொண்டு மற்ற வேளை இனிப்பில்லாத உணவு என்று பிரித்தால் நாக்கு இனிப்புக்கே பழகிவிடாது.

ஒரு வயது வரை வேண்டாதவை

தேன் கூடவே கூடாது, நாக்கில் தடவக்கூடக் கூடாது, அதில் இருக்கக்கூடிய ஒரு கிருமியின் வித்து கைக்குழந்தையின் குடலில் முளைத்து உடம்பைத் துவளவைக்கும் விஷத்தை உண்டாக்கும். பசும்பாலைக் குடிக்கும் பாலாக மாற்றுவது வேண்டாம், அதில் இரும்பு கிட்டத்தட்ட இல்லை, சில குழந்தைகளுக்குக் குடலில் கண்ணுக்குத் தெரியாமல் ரத்தமும் கசியும். சமையலில் கொஞ்சம் தயிர் சேர்ப்பது வேறு கதை, அது சரி. உப்பு, சர்க்கரை வேண்டாம். திராட்சை, பச்சைக் கேரட், பாப்கார்ன் போல உருண்டையும் கடினமுமான எதுவும் வேண்டாம். வசம்பும் உரைமருந்தும் உணவோடு சம்பந்தமில்லாதவை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன், வேண்டாம்.

தண்ணீர் இப்போது தொடங்கலாம், சாப்பாட்டோடு இரண்டு மூன்று மடக்கு, டம்ளரில். மெட்ரோ வாட்டர், லாரித் தண்ணீர், கேன் தண்ணீர் எதுவானாலும் கொதிக்க வைத்து ஆற வைத்தது மட்டும். பாட்டிலும் நிப்பிளும் புதிதாக வாங்க வேண்டாம், நம்ம வீட்டுப் புழுக்கத்தில் அதைச் சுத்தமாக வைத்துக்கொள்வது எளிதில்லை. சமைத்த சாதம் வெளியில் இரண்டு மணி நேரம் தாண்டினால் கொட்டிவிடுங்கள், எச்சில் கரண்டி பட்ட மீதியை அப்போதே.

இடையில் வரும் தொல்லைகள்

ஓங்கரிப்பது எல்லாக் குழந்தைக்கும் வரும். முகம் சிவக்கும், நாக்கு வெளியே வரும், சத்தத்தோடு இருமும், துப்பும், மறுபடி வாயைத் திறக்கும். அது விழுங்கப் பழகும் வழி, நீங்கள் அலறினால்தான் பயப்படும். அடைத்துக்கொள்வது வேறு: சத்தமே வராது, அழ முடியாது, உதடு நீலமாகும். அப்போது குழந்தையை முன்கையில் குப்புறப் போட்டு, தலை தாழ்ந்திருக்கும்படி தாடையைப் பிடித்து, தோள்பட்டைகளுக்கு நடுவில் உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஐந்து தட்டு. வரவில்லையென்றால் மல்லாக்கத் திருப்பி, முலைக்காம்புகளுக்குச் சற்றுக் கீழே நடு மார்பில் இரண்டு விரலால் ஐந்து அழுத்து. மாறி மாறிச் செய்துகொண்டே வேறொருவரை 108க்குப் போன் செய்யச் சொல்லுங்கள். கண்ணுக்குத் தெரியாததை விரலை விட்டுத் துழாவினால் இன்னும் உள்ளே போய்விடும்.

மலச்சிக்கல் பல குழந்தைகளுக்கு வரும். இரண்டு நாளைக்கு ஒருமுறை போனாலும் மெத்தென்று போனால் அது சிக்கல் இல்லை. ஆட்டுப்புழுக்கை போல உருண்டையாக, முக்கி அழுதுகொண்டு போனால் அன்றைக்கு வாழைப்பழத்தைக் குறைத்து, பழுத்த பப்பாளியோ ஊறவைத்து மசித்த உலர்திராட்சையோ கொடுத்து, தண்ணீரை இன்னும் இரண்டு மடக்கு கூட்டுங்கள். சோப்புத் துண்டு வைப்பது வேண்டாம்.

சாப்பிட மறுத்தால்? ஒரு உணவை எட்டுப் பத்துத் தடவை பார்த்த பிறகுதான் பல குழந்தைகள் ஏற்கும், மூன்றாவது நாளே "இவனுக்குக் கீரை பிடிக்காது" என்று முத்திரை குத்தாதீர்கள். ஆனால் இரண்டு வாரமாக எதையுமே தொடவில்லை, அங்கன்வாடி எடை அட்டையில் கோடு மேலே போகாமல் படுத்துவிட்டது, உள்ளங்கை வெளுத்திருக்கிறது என்றால் ஊட்டும் முறையை மாற்றிப் பார்த்துக்கொண்டிருக்காமல் ஹீமோகுளோபின் பார்க்கச் சொல்லுங்கள். ரத்தசோகையே பசியைக் கொன்றுவிடும், பசியில்லாமல் சாப்பிடாததால் ரத்தசோகை இன்னும் ஏறும்.

ஏழாவது மாதத்திலிருந்து மசிப்பதைக் குறைத்துக்கொண்டே வாருங்கள். எட்டு மாதத்தில் இட்லித் துண்டு, விரலால் அழுத்தினால் நசுங்கும் அளவுக்கு வெந்த கேரட் குச்சி, முள் நீக்கிய மீன் உதிர்வு ஆகியவற்றைத் தட்டில் வைத்துவிட்டு அதுவே எடுத்துத் தின்னட்டும் என்று பக்கத்தில் உட்காருங்கள். ஒன்பது பத்து மாதம் வரை வழுவழுப்பாகவே கொடுத்தால் பிறகு சின்னக் கட்டி பட்டாலே குமட்டும். பல் இல்லையே என்று காத்திருக்க வேண்டாம், ஈறே போதும். ஒன்பதாவது மாதத் தட்டம்மை ஊசிக்குப் போகும்போது எடை போட்டு அட்டையில் குறிக்கச் சொல்லி, இரும்பு சிரப் தீர்ந்திருந்தால் அங்கேயே அடுத்த பாட்டிலையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.